திரைப்பிடிப்பைப் பகிருமுன்: மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும்



ஸ்கிரீன்ஷாட் எடுக்காத நாளே நமக்கு இல்லை. கட்டுரை மாதிரி, இலக்கண வினா, இயங்கலைப் பயிற்சியின் புள்ளி, தேர்வு அட்டவணை என்று எதையாவது படமாகப் பிடித்துப் புலனக் குழுவில் போட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் அதைத் திரைப்பிடிப்பு என்றே எழுதுகிறேன். நான் பேசப்போவது ஒரு சின்ன வேலையைப் பற்றி. படத்தின் உச்சியில் நேரமும் மின்கல அளவும் காட்டும் பட்டை, அடியில் மூன்று பொத்தான்கள் இருக்கும் பட்டை, இந்த இரண்டையும் வெட்டிவிட்டுப் பகிர்வது. அரை நிமிட வேலைதான். ஆனால் அதைச் செய்யாமல் விட்டதால் ஒரு மாணவனின் நம்பிக்கையை நான் இழந்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெயரை மறைத்தேன், பட்டையை மறந்தேன்

மலாக்காவில் ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் படிவம் 5 மாணவன் ஒருவன். கட்டுரையைத் திறன்பேசியில் தட்டச்சு செய்து அனுப்புவான். ஒருமுறை அருமையாக எழுதியிருந்தான். மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று நினைத்து, அவன் அனுப்பியிருந்த திரைப்பிடிப்பை வகுப்புக் குழுவில் பகிர்ந்தேன். பெயரைக் கறுப்புக் கோடு போட்டு மறைத்துவிட்டேன். கவனமாகத்தான் இருக்கிறோம் என்று எனக்கு ஒரு திருப்தி.

ஐந்து நிமிடத்தில் குழுவில் அவன் பெயர் வந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? படத்தின் உச்சியில் 2:36 என்று நேரம் இருந்தது. மின்கலம் 4 விழுக்காடு. பக்கத்தில் உணவு விநியோகச் செயலி ஒன்றின் குட்டிச் சின்னம். அண்ணனோடு கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் பையன் அந்த வகுப்பில் ஒருவன்தான். அண்ணன் மோட்டாரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறார். அவர் வீடு திரும்பிய பிறகுதான் தம்பிக்குக் கைப்பேசி கிடைக்கும். அதனால்தான் அந்த நடுநிசி நேரம். கட்டுரையைப் பாராட்ட வேண்டிய பிள்ளைகள், "ரெண்டரை மணிக்கு எழுதுறியா?" என்று கேலியில் இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் அவன் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், மேல இருக்கிறத வெட்டிட்டுப் போட்டிருக்கலாமே" என்றான். அவ்வளவுதான். அடுத்த மூன்று வாரம் கட்டுரை எதுவும் அனுப்பவில்லை.

அந்த இரண்டு பட்டைகளும் என்ன சொல்கின்றன?

மேல்பட்டையை நாம் பார்ப்பதே இல்லை, நாள் முழுதும் கண்முன் இருப்பதால். படத்தைப் பெறுபவர் பார்ப்பார். நேரம், மின்கலம், அலைவரிசை ஆகியவற்றோடு, ஆண்ட்ராய்டில் இடப்பக்கம் இன்னும் படிக்காத அறிவிப்புகளின் சின்னங்கள் வரிசையாக நிற்கும். எந்த வங்கியின் செயலி, எந்த விளையாட்டு, எந்தக் கடன் செயலி என்பதைச் சின்னமே சொல்லிவிடும். ஐபோனில் அறிவிப்புச் சின்னங்கள் அப்படி வரிசையாக நிற்பதில்லை. ஆனால் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வந்திருந்தால், இடது மூலையில் எங்கிருந்து வந்தீர்கள் என்று அந்த முந்தைய செயலியின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும்.

நேரம் ஒன்றே போதும் சங்கடத்துக்கு. காலை 10:40 என்று காட்டும் படத்தை மாலையில் பகிர்ந்தால், "பாடவேளையில் டீச்சர் கைப்பேசி பார்க்கிறாரா?" என்று ஒரு பெற்றோர் நினைக்கலாம். அது உங்கள் ஓய்வுப் பாடவேளையாக இருந்திருக்கும். அதை யார் விளக்கிக்கொண்டிருப்பது?

கீழ்ப்பட்டையில் இரகசியம் ஒன்றும் இல்லை. அங்கே வேறு தொல்லை. பின்செல்லும் முக்கோணம், முகப்புக்குப் போகும் வட்டம், திறந்திருக்கும் செயலிகளைக் காட்டும் சதுரம் என்று மூன்று பொத்தான்கள். சில நிறுவனங்களின் கருவிகளில் வடிவமும் வரிசையும் மாறியிருக்கும். படத்தைத் திரை நிறையத் திறக்கும்போது, படத்திலுள்ள பொத்தான்களும் உண்மைப் பொத்தான்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். உச்சியிலும் இரண்டு கடிகாரம். பழக்கமில்லாத பெற்றோர் படத்திலுள்ள முக்கோணத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "கைப்பேசி மாட்டிக்கிச்சு டீச்சர்" என்று அழைத்ததும் உண்டு.

எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது

ஆண்ட்ராய்டில் மின்பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரைப்பிடிப்பு கிடைக்கும். உடனே ஒரு சின்னப் படமோ கருவிப்பட்டையோ கீழே தோன்றும். அதிலுள்ள வெட்டும் சின்னத்தையோ பென்சில் சின்னத்தையோ தொட்டால் படத்தைச் சுற்றி ஒரு சட்டம் வரும். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். இடப்பக்கக் கீழ்மூலையில் தோன்றும் சின்னப் படத்தைத் தொட்டால் அதே சட்டம் வரும்.

சட்டத்தின் மேல் விளிம்பைக் கீழே இழுங்கள், கீழ் விளிம்பை மேலே இழுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல செயலிகளில் மேல்பட்டையின் நிறமும் செயலித் தலைப்பின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். எல்லைக்கோடே தெரியாது. அப்போது நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். நேரத்தைக் காட்டும் எண்களின் அடிப்பகுதிக்கும் செயலித் தலைப்பின் உச்சிக்கும் நடுவே வெட்டினால் போதும். தலைப்பே வேண்டாம் என்றால் இன்னும் தாராளமாக, உள்ளடக்கம் தொடங்கும் இடம்வரை வெட்டிவிடலாம்.

வெட்டிய பிறகு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று படப்புள்ளி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். கைப்பேசியில் அது கண்ணில் படாது. வெள்ளைத் தாளில் அச்சிடும்போதோ வகுப்பில் படவீழ்த்தியில் காட்டும்போதோ பளிச்சென்று தெரியும்.

எவ்வளவு வெட்டுகிறோம் என்பதை ஒருமுறை அளந்து பார்த்தேன். என் திறன்பேசியின் திரைப்பிடிப்பு 1080 படப்புள்ளி அகலம், 2400 உயரம். மேல்பட்டை 99 புள்ளி, கீழ்ப்பட்டை 126 புள்ளி. இரண்டும் சேர்ந்து 225. மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இந்தப் படத்தைப் பயிற்சித்தாளில் 12 செண்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், அதில் ஒரு செண்டிமீட்டருக்கு மேல் கடிகாரத்துக்கும் பொத்தான்களுக்குமே போய்விடும். படத்தின் அகலம் 5.4 செண்டிமீட்டர். இரண்டு பட்டைகளையும் வெட்டிவிட்டு அதே 12 செண்டிமீட்டர் உயரத்துக்கு விரித்தால், அகலம் ஏறக்குறைய 6 செண்டிமீட்டர் ஆகிறது. அதாவது எழுத்துகள் பத்து விழுக்காடு பெரிதாகின்றன. றகர, ரகர வேறுபாட்டையும் ஒற்றெழுத்தின் புள்ளியையும் தேடிப் படிக்க வேண்டிய மாணவனுக்கு அந்தப் பத்து விழுக்காடு பெரிய உதவி.

உங்கள் கருவியில் இந்த எண்கள் மாறும். முன்பக்கக் கேமராவுக்குத் துளை இருக்கும் திரைகளில் மேல்பட்டை உயரமாக இருக்கும். பொத்தான்களுக்குப் பதிலாக விரலால் வழிக்கும் முறையை வைத்திருந்தால், கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் இருக்கும்.

சாம்சுங் வைத்திருப்போருக்கு வேலை இன்னும் எளிது. அமைப்புகளில் `Advanced features` என்பதற்குள் திரைப்பிடிப்புக்கென்று ஒரு பகுதி உண்டு. அதில் `Hide status and navigation bars` என்ற விசையை இயக்கிவிட்டால், இனி எடுக்கும் திரைப்பிடிப்புகளில் இரண்டு பட்டைகளும் வராது. பழைய பதிப்புகளில் இது இல்லாமல் இருக்கலாம்.

இரட்டைப் படம்: அடிக்கடி நடக்கும் தவறு

வெட்டிச் சேமிக்கும்போது பல செயலிகள் பழைய படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வெட்டியதைத் தனிப் படியாகச் சேமிக்கின்றன. கூகுள் போட்டோஸில் `Save copy` என்று பார்த்திருப்பீர்கள். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் படத்தொகுப்பில் இப்போது இரண்டு படங்கள், பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அவசரத்தில் வெட்டாததை அனுப்பிவிடுகிறோம். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் மேல் விளிம்பை ஒருதரம் பாருங்கள். கடிகாரம் தெரிந்தால், கையில் இருப்பது மூலப்படம்.

வெட்டியது போய்விட்டதா, ஒளிந்துகொண்டதா?

இனிச் சொல்லப்போவது பயிற்சித்தாளும் படவில்லையும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு முக்கியம்.

நம்மில் பலர் கைப்பேசியில் வெட்டுவதில்லை. படத்தை அப்படியே பவர்பாயிண்டிலோ வேர்டிலோ ஒட்டிவிட்டு, அங்கே `Crop` கொண்டு வெட்டுகிறோம். பார்வைக்குப் பட்டை போய்விடும். உண்மையில் போகவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் கோப்பைப் பெறும் எவரும் படத்தைத் தொட்டு மீண்டும் `Crop` அழுத்தினால், வெட்டிய பகுதி மங்கலாக எட்டிப் பார்க்கும். விளிம்பை இழுத்தால் முழுப்படமும் திரும்பிவிடும். கூகுள் டாக்ஸிலும் இதே கதைதான். அங்கே `Reset image` என்று அழுத்தினால் போதும்.

சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். என் மாணவனின் கட்டுரையை நான் படவில்லையில் வெட்டி ஒட்டி, அந்தக் கோப்பைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பியிருந்தால், அவன் பெயரும் நேரமும் அந்தச் சின்னமும் கோப்போடு போயிருக்கும். எல்லாம் மறைத்தாயிற்று என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இதற்கு இரண்டு வழி உண்டு. கைப்பேசியிலேயே வெட்டிவிட்டு, வெட்டிய படத்தை மட்டும் ஒட்டுவது சிறந்த வழி. ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால், பவர்பாயிண்டில் படத்தைத் தொட்டு `Picture Format` பட்டியலில் `Compress Pictures` என்பதைத் திறங்கள். அங்கே `Delete cropped areas of pictures` என்ற கட்டத்தில் குறியிட்டு உறுதிசெய்து, கோப்பைச் சேமித்துவிடுங்கள். பிறகு படத்தைத் தொட்டு `Crop` அழுத்திப் பாருங்கள். மங்கலான பகுதி எதுவும் தெரியாவிட்டால் வேலை முடிந்தது.

வெட்டும் கருவியே ஏமாற்றிய கதை

கைப்பேசியில் வெட்டினால் கவலையே இல்லை என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், 2023 மார்ச் மாதம்வரை. அந்த மாதம் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் ஒரு குறையை உலகுக்கு அறிவித்தார்கள். கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் திரைப்பிடிப்பை வெட்டவும் கோடு போடவும் `Markup` என்ற கருவி இருக்கிறது. அதில் வெட்டிப் பகிர்ந்த படங்களிலிருந்து, வெட்டி எறிந்த பகுதியை மீட்டெடுக்க முடிந்தது. குறைக்கு அவர்கள் வைத்த பெயர் `aCropalypse`. பதிவு எண் `CVE-2023-21036`.

என்ன நடந்தது என்பதைக் கரும்பலகையை வைத்துச் சொல்கிறேன். பலகை நிறைய எழுதியிருக்கிறது. நீங்கள் பலகையை அழிக்காமல், இடது ஓரத்திலிருந்து தொடங்கிப் பழையதன்மேல் புதியதை எழுதுகிறீர்கள். புதிய பாடம் சின்னது, பலகையின் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் "முற்றும்" என்று போடுகிறீர்கள். மாணவர்கள் அதுவரைதான் படிப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகுள்ள மூன்றில் இரண்டு பங்கில் நேற்றைய பாடம் அழியாமல் அப்படியே இருக்கிறது.

கோப்பிலும் அதுதான் நடந்தது. மூலப்படம் 900 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய படம் 300 கிலோபைட். அதே கோப்பின்மேல் புதியது எழுதப்படும்போது, பழைய கோப்பை முதலில் காலியாக்கி இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, கோப்பைத் திறக்கும் ஒரு கட்டளையின் நடத்தை மாறியது. முன்பு `w` என்று சொன்னாலே கோப்பு காலியாகிவிடும். மாற்றத்துக்குப் பிறகு `wt` என்று சொன்னால்தான் காலியாகும். வெட்டும் கருவி பழைய பழக்கத்திலேயே `w` என்றது. முதல் 300 கிலோபைட் புதிய படம், மீதி 600 கிலோபைட் பழைய படத்தின் வால். படம் காட்டும் செயலிகள் "முற்றும்" என்ற குறியோடு நின்றுவிடுவதால் வால் யார் கண்ணிலும் படவில்லை.

இதில் நம் பட்டைகளுக்குத் தொடர்பான ஒரு செய்தி இருக்கிறது. படக்கோப்பு மேலிருந்து கீழாக எழுதப்படுவது. அதனால் மேலெழுதப்பட்டு அழிவது மூலப்படத்தின் உச்சி. மிஞ்சுவது அடிப்பகுதி. மேல்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் மட்டும் வெட்டியவருக்கு இழப்பு குறைவு. புதிய படமே ஏறக்குறைய பழையதன் அளவுக்கு இருப்பதால் வால் குட்டையாக இருக்கும். நீண்ட உரையாடலிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டியெடுத்தவருக்குத்தான் ஆபத்து அதிகம். அவருடைய கோப்பில் வால் நீளம். அவர் யாருக்கும் காட்ட விரும்பாத உரையாடல் அதில்தான் இருக்கும்.

கூகுள் அந்த மார்ச் மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்பில் இதைச் சரிசெய்தது. அதே மாதத்தில், விண்டோஸ் 11 கணினியின் `Snipping Tool` கருவியிலும் விண்டோஸ் 10 கணினியின் `Snip & Sketch` கருவியிலும் இதே வகைக் குறை இருப்பது தெரியவந்து, மைக்ரோசாப்ட்டும் திருத்தம் வெளியிட்டது. ஆனால் கருவியைத் திருத்துவது புதிய படங்களுக்குத்தான் உதவும். அதற்கு முன்பே வெட்டி அனுப்பிய கோப்புகள் யார் யார் கையிலோ வாலோடுதான் இருக்கின்றன.

நாம் எப்படிச் சோதிப்பது? படத்தின் விவரத்தைத் திறந்து கோப்பின் அளவைப் பாருங்கள். படத்தில் பாதிக்கு மேல் வெட்டிய பிறகும் கோப்பின் அளவு மூலத்தின் அளவாகவே, கிலோபைட்டுக்குக் கிலோபைட் மாறாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் எளிய மருந்து உண்டு. வெட்டிய படத்தைத் திரையில் திறந்து, அதையே மறுபடி திரைப்பிடிப்பு எடுங்கள். புதிய கோப்பில் திரையில் தெரிந்தது மட்டுமே இருக்கும். பழைய வால் அதில் வர வழியில்லை. மறுபடி மேலும் கீழும் வெட்ட மறந்துவிடாதீர்கள்!

கோப்பின் பெயரும் பேசும்

புலனத்தில் படமாக அனுப்பும்போது, புலனம் படத்தை மறுபடி சுருக்கிப் புதிதாக எழுதுகிறது. கோப்பின் பெயரும் மூல விவரங்களும் பெறுபவருக்குப் போவதில்லை. ஆனால் எழுத்து மங்குகிறது என்பதால் நம்மில் பலர் படத்தை ஆவணமாக, அதாவது `Document` வழியாக அனுப்புகிறோம். டெலிகிராமில் `File` என்று அனுப்புவதும் இதுவே. அப்போது கோப்பு ஒரு மாற்றமும் இல்லாமல், பெயரோடு போகும். சாம்சுங் கருவியில் அந்தப் பெயர் இப்படி இருக்கும்:

```
Screenshot_20240512_023604_WhatsApp.jpg
```

2024 மே 12, அதிகாலை 2 மணி 36 நிமிடம் 4 விநாடி, வாட்ஸ்அப் செயலி. மேல்பட்டையை வெட்டி மறைத்த நேரம் கோப்பின் பெயரில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஆவணமாக அனுப்பப்போகிறீர்கள் என்றால் முதலில் பெயரை மாற்றுங்கள். `katturai-madhiri-1.jpg` என்று வைத்தால் தேடி எடுக்கவும் வசதி.

எப்போது வெட்டக்கூடாது?

மாணவர்களே, இந்தப் பகுதி குறிப்பாக உங்களுக்கு. யாராவது உங்களை மிரட்டியோ அசிங்கமாகவோ செய்தி அனுப்பினால், அல்லது பணம் கேட்டு ஏமாற்றினால், அந்தத் திரைப்பிடிப்பை வெட்டாதீர்கள். கோடு போடாதீர்கள். முழுப்படத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உரையாடலையும் அழிக்காதீர்கள். நேரமும் எண்ணும் தேதியும் விசாரிப்பவருக்குத் தேவை. வெட்டிய படத்தைக் காட்டினால் "மீதியில் என்ன இருந்தது?" என்ற கேள்விதான் முதலில் வரும். பணமோசடி என்றால் 997 என்ற எண்ணுக்கும், இணையத் தொல்லைகளுக்குச் சைபர்999 சேவைக்கும் முறையிடலாம். அதற்குமுன் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்றால் வெட்டிய படி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளலாம். மூலத்தைத் தொடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விதிவிலக்கு. "பின்செல்ல இந்த முக்கோணத்தை அழுத்துங்கள்" என்று பெற்றோருக்கு வழிகாட்டிப் படம் தயாரிக்கிறீர்கள் என்றால், கீழ்ப்பட்டை அங்கே பாடத்தின் பகுதி. அதை வைத்துக்கொண்டு மேல்பட்டையை மட்டும் வெட்டுங்கள். முக்கோணத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டுவிட்டால் "இது படம்" என்பதும் புரிந்துவிடும்.

இன்னொன்று. பட்டையை வெட்டியதாலேயே படம் பாதுகாப்பாகிவிடாது. தேர்வு முடிவு வந்த மகிழ்ச்சியில் எஸ்.பி.எம். முடிவைத் திரைப்பிடிப்பு எடுத்துப் போடும் பிள்ளைகளே, அடையாள அட்டை எண்ணும் தேர்வு எண்ணும் படத்தின் நடுவில் இருக்கும். மேலும் கீழும் வெட்டினால் அவை போகாது. பாடங்களும் தரங்களும் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுங்கள்.

கடைசியாக

அந்த மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டேன், கேலியும் அங்கேதான் நடந்தது என்பதால். நான்காவது வாரம் ஒரு கட்டுரை வந்தது. திறந்து பார்த்தேன். உச்சியில் கடிகாரம் இல்லை, அடியில் பொத்தான் இல்லை. கட்டுரை மட்டும்தான் இருந்தது. அவனே வெட்டி அனுப்பியிருந்தான்.

இப்போது பிள்ளைகளின் படைப்பு எதையும் குழுவில் பகிருமுன், படைத்தவரிடம் கேட்கிறேன். பிறகு வெட்டுகிறேன். வெட்டிய படத்தை முதலில் அவருக்கே அனுப்பி, "இது போதுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழுவில் போடுகிறேன். நான் கவனிக்காத சின்னத்தை அவர்கள் கவனித்துவிடுகிறார்கள்.